மூடி ஏன் மூட மறுக்கிறது? மின்னணுப் பெட்டியை அச்சிடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும்போது, "டாலரன்ஸ் 0.2 விடு, சரியாகிவிடும்" என்ற வாக்கியம் எப்படியும் வந்துவிடும். எதற்கு 0.2, எந்தப் பக்கத்தில் 0.2, ஒரு பக்கத்துக்கா இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் அச்சிட்ட முதல் பெட்டியிலும் 0.2 மி.மீ. விட்டேன். மூடி உள்ளே இறங்கவே இல்லை. உப்புத்தாளை வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தபின் இறங்கியது, ஆனால் திருகை முறுக்கியதும் தூண் ஒன்று அடியோடு பெயர்ந்துவிட்டது. இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: திரையில் வரைந்த அளவும் கையில் வரும் பொருளின் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அதன் மூடி, திருகுத் தூண்கள், காற்றுப் பிளவுகள் மூன்றையும் பார்க்கிறது. உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காக இடும் அச்சுப்பொறியை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறேன். பிசின் வகை அச்சுப்பொறிகளின் கணக்கு வேறு.

## நம் பெட்டி

உள்ளே வைக்கப்போகும் மின்சுற்றுப் பலகை 80 × 50 மி.மீ. அதன் நான்கு மூலைகளிலும் 3.2 மி.மீ. துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளையின் மையமும் இரு விளிம்புகளிலிருந்தும் 4 மி.மீ. தள்ளி இருப்பதால், துளைகளுக்கு இடையிலான தூரம் 72 × 42 மி.மீ. பலகையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சில்லு ஒன்று உண்டு, அது நன்றாகச் சூடாகும்.

பெட்டியின் உள்ளளவை 100 × 54 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலகையை நடுவில் வைத்தால் நீளவாக்கில் இரு முனைகளிலும் 10 மி.மீ. மிஞ்சும். மூடியைப் பிடிக்கும் தூண்கள் அங்கே நிற்கும், கம்பிகள் வளைந்து திரும்பவும் இடம் இருக்கும். உள்ளுயரம் 28 மி.மீ., சுவர்த் தடிமன் 2 மி.மீ. ஆக வெளியளவு 104 × 58. மூடி ஒரு தட்டை. அதன் அடியிலிருந்து 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு விளிம்பு பெட்டிக்குள் இறங்கும். அந்த விளிம்பை இனி நாக்கு என்று அழைக்கிறேன்.

## இடைவெளி வேறு, டாலரன்ஸ் வேறு

மோதிரத்தின் உள்விட்டமும் விரலின் விட்டமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால் மோதிரம் ஏறாது. ஏறுவதற்கென்று கொஞ்சம் இடம் விட வேண்டும். நாமாக விரும்பி விடும் அந்த இடத்துக்கு இடைவெளி என்று பெயர். வரைபடத்தில் நாம் எழுதும் எண் அது.

டாலரன்ஸ் நாம் விடுவது அல்ல. 100 மி.மீ. என்று வரைந்தால், வந்து சேரும் பொருள் 99.9 ஆகவோ 100.1 ஆகவோ இருக்கலாம். இப்படி எவ்வளவு தூரம் விலகினாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்ற வரம்புதான் டாலரன்ஸ். விலகல் அச்சுப்பொறியிடமிருந்து வருகிறது. நாம் விடும் இடைவெளி அந்த விலகலை விழுங்கியபின்னும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

நம் பெட்டியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழை, மென்பொருள் எதிர்பார்ப்பதைவிடச் சற்று அகலமாகப் படிகிறது என்று கொள்வோம். சுவரின் ஒவ்வொரு முகமும் 0.05 மி.மீ. புடைக்கிறது. பெட்டியின் உட்பக்கத்தில் எதிரெதிரான இரண்டு முகங்களும் உள்நோக்கிப் புடைப்பதால் 100 என்று வரைந்தது 99.9 ஆகிறது. நாக்கின் வெளிமுகங்களோ வெளிநோக்கிப் புடைக்கின்றன. அங்கே வரைந்த அளவு 0.1 கூடுகிறது. ஆக, ஒரே காரணம் துளையைச் சுருக்குகிறது, அதில் நுழைய வேண்டியதைப் பெருக்குகிறது. இரண்டும் சேர்ந்து 0.2 மி.மீ. போய்விட்டது.

மொத்தமாக 0.2 விட்டு நாக்கை 99.8 என்று வரைந்தவருக்கு, நாக்கு 99.9, பெட்டி 99.9. இடைவெளி பூச்சியம். என் முதல் பெட்டிக்கு நேர்ந்தது இதுதான். ஒவ்வொரு பக்கமும் 0.2 விட்டு 99.6 என்று வரைந்தால், நாக்கு 99.7 ஆக வரும். பெட்டியின் 99.9-க்குள் அது இறங்கும்போது ஒவ்வொரு பக்கமும் 0.1 மிஞ்சும். விரலால் அழுத்தினால் இறங்கி, ஆடாமல் உட்காரும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். மூடி இறுகினால் பெட்டியை மட்டும் 1 சதவீதம் பெரிதாக்கி மீண்டும் அச்சிடுவது பலரின் பழக்கம். மூடி இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் பலகைத் தூண்களின் 72 மி.மீ. தூரமும் 72.72 ஆகிவிடும். புடைப்பு என்பது முகத்துக்கு இவ்வளவு என்று வரும் நிலையான அளவு. அதைச் சதவீதத்தால் திருத்தப் பார்ப்பது தவறான மருந்து.

சுருக்கமாக: டாலரன்ஸ் என்பது எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு, இடைவெளி நாம் விடுவது. இடைவெளியைப் பக்கத்துக்கு இவ்வளவு என்றே எண்ண வேண்டும். அளவிலிருந்து அதை இரண்டு முறை கழிக்க வேண்டும்.

## நாக்கு எங்கே இடிக்கும்?

இழையை இடும் முனை மூலையில் திரும்பும்போது வேகம் குறைகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் அதே விரைவில் குறைவதில்லை. அதனால் மூலைகளில் பிளாஸ்டிக் கொஞ்சம் கூடுதலாக வழிந்து புடைக்கும். நேர்ப்பகுதி சரியாக இருந்தும் மூடி இறங்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூலைகளே காரணம்.

நம் பெட்டியின் நான்கு மூலைகளிலும் மூடிக்கான தூண்கள் நிற்பதால், நாக்கு அந்த இடங்களை எப்படியும் தவிர்த்தாக வேண்டும். ஆகவே நாக்கைத் தொடர்ந்த சட்டமாக வரையாமல், நான்கு பக்கங்களிலும் தனித்தனி நேர்க்கோட்டுத் துண்டுகளாக வரைந்துவிடலாம். மூலையில் நாக்கே இல்லையென்றால் மூலை இடிக்காது. அச்சிட்ட பெட்டிகளில் எனக்கு மிகப் பிடித்த வழி இது. மூடியின் இடத்தை நிர்ணயிக்க நான்கு நேர்த்துண்டுகள் தாராளமாகப் போதும்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று தையல்: ஒவ்வோர் அடுக்கும் தொடங்கி முடியும் புள்ளியில் சிறு புடைப்பு வரும், அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து செங்குத்துக் கோடாகத் தெரியும். அச்சுக்குத் தயார்செய்யும் மென்பொருளில் தையலை நாக்கு உரசாத இடத்துக்குத் தள்ளிவிடலாம். மற்றொன்று யானைக்கால்: முதல் அடுக்கு அச்சுப்பொறியின் தட்டில் அழுத்தப்பட்டு வெளியே பிதுங்கும். மூடியின் மேல்முகம் தட்டில் படும்படி, நாக்கு மேல்நோக்கி நிற்கும்படி அச்சிட்டால், பிதுங்கல் வெளிவிளிம்புக்குப் போய்விடும், நாக்கைத் தொடாது. பெட்டியின் அடிவிளிம்பையும் மூடியின் வெளிவிளிம்பையும் 0.5 மி.மீ. சாய்வாகச் சீவி வரைந்தால் பிதுங்கல் கண்ணுக்கும் தெரியாது.

இறங்காத மூடியின் நாக்கில் பென்சிலை நன்றாகத் தேய்த்து, பெட்டிக்குள் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். கரி அழிந்த இடம்தான் இடிக்கும் இடம். ஒரே ஒரு செங்குத்துக் கோட்டில் அழிந்திருந்தால் தையல். நீளப் பக்கத்தின் நடுவில் மட்டும் அழிந்திருந்தால் சுவர் உள்நோக்கி வளைந்திருக்கிறது. எல்லா இடத்திலும் சீராக அழிந்திருந்தால்தான் இடைவெளி போதவில்லை என்று பொருள். எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் உப்புத்தாளை எடுப்பது வீண்வேலை.

## முழுப் பெட்டியை அச்சிடுவதற்கு முன்

பெட்டியின் மேல்பகுதியில் 5 மி.மீ. உயரமுள்ள வளையத்தையும், நாக்கோடு மூடியின் ஓரத்தையும் மட்டும் வெட்டியெடுத்து முதலில் அச்சிடுங்கள். முழுப் பெட்டிக்கு ஆகும் நேரத்தில் சிறு பங்கில் முடிந்துவிடும். வெர்னியர் காலிபரால் வளையத்தின் உள்ளளவை முனைகளிலும் நடுவிலும் அளந்து, நாக்கின் அளவோடு ஒப்பிடுங்கள். மற்றவர் சொன்ன 0.2-ஐவிட இந்த அளவை நம்பலாம், ஏனென்றால் இது உங்கள் அச்சுப்பொறியும் உங்கள் இழையும் சேர்ந்து சொல்லும் எண்.

வரைபடத்தில் இடைவெளியை ஒரே இடத்தில் பெயரிட்டு வைத்தால் திருத்துவது எளிது. OpenSCAD பயன்படுத்துபவர்களுக்கு:

```
$fn   = 48;
inner = [100, 54];
wall  = 2;
gap   = 0.2;
lip   = [inner[0] - 2*gap, inner[1] - 2*gap];
d_bite = 2.7;
d_free = 3.4;
```

கடைசி இரண்டு வரிகளும் முதல் வரியில் உள்ள `$fn`-உம் திருகுகளுக்கானவை. இனி அவற்றைப் பார்ப்போம்.

## திருகுத் தூண்: கடிக்கும் துளையும் வழிவிடும் துளையும்

ஒரு திருகு இரண்டு பொருள்களைச் சேர்த்து இறுக்குகிறது. அது மேலே உள்ள பொருளைத் தடையின்றிக் கடந்துபோய், கீழே உள்ளதை மட்டும் கடித்து இழுக்க வேண்டும். இரண்டையும் கடித்தால், இரண்டும் எந்தத் தூரத்தில் இருக்கும்போது திருகு நுழைந்ததோ அதே தூரத்தில் நின்றுவிடும். எவ்வளவு முறுக்கினாலும் நெருங்காது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய கீற்று விடாமல் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

M3 திருகின் வெளிவிட்டம் 3 மி.மீ. மூடியில் அதற்கு வழிவிடும் துளை 3.4. தூணில் கடிக்கும் துளையின் உண்மை அளவு 2.5 அளவில் இருக்க வேண்டும். ஆனால் 2.5 என்று வரைந்தால் 2.5 வராது.

குடத்தைச் சுற்றித் தடித்த கயிற்றை வைத்து இழுத்தால் கயிறு உள்நோக்கி நெருங்கும். சூடான இழையும் வளைவில் இடப்படும்போது அப்படியே மையத்தை நோக்கி இழுபடுகிறது. துளை சிறியதாக இருக்க இருக்க இது கூடுதலாகத் தெரியும். அதனால்தான் 2.7 என்று வரைகிறோம். அது பெரும்பாலும் 2.5-க்கு அருகில் வந்து நிற்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. அச்சுக்கு அனுப்பும் கோப்பில் வட்டம் என்று ஒன்று இல்லை, பல பக்கங்கள் கொண்ட கோணவடிவம்தான் இருக்கிறது. அதன் மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்களோ வட்டத்துக்கு உள்ளே ஓடும். 2.7 மி.மீ. வட்டத்தை 8 பக்கங்களால் வரைந்தால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே இருப்பது ஏறத்தாழ 2.5 மி.மீ. மட்டுமே. அச்சிடுவதற்கு முன்பே 0.2 போய்விட்டது. OpenSCAD-இல் எதுவும் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சிறிய துளையை அது ஐங்கோணமாகவே வரையும். `$fn = 48` என்ற வரி இதற்காகத்தான்.

சுருக்கமாக: மூடியில் உள்ள துளை வழிவிட வேண்டும், தூணில் உள்ளது கடிக்க வேண்டும். சிறிய துளைகள் வரைந்ததைவிடச் சிறியனவாகவே வரும். கடிக்கும் துளையைச் சற்றுப் பெரிதாக வரைய வேண்டும்.

## தூண் ஏன் பிளக்கிறது?

விறகை நாரின் போக்கிலேயே கோடரியால் பிளந்தால் எளிதில் பிளக்கும், குறுக்கே வெட்டுவது கடினம். அச்சிட்ட பொருளுக்கும் நார் உண்டு. இழை ஓடும் திசையில் வலிமை அதிகம். ஓர் அடுக்கும் அடுத்த அடுக்கும் ஒட்டியிருக்கும் இடத்தில் குறைவு. நின்றபடி அச்சாகும் தூணில் அடுக்குகள் தட்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. திருகு மேல்நோக்கி இழுக்கும்போது தட்டுகள் பிரியப் பார்க்கின்றன. என் தூண் அடியோடு பெயர்ந்தது இப்படித்தான்.

இதற்கு மூன்று விஷயங்கள் உதவும். முதலில் தடிமன். பலகையைத் தாங்கும் தூணுக்கு 7 மி.மீ. விட்டம் கொடுத்தால், 2.7 துளை போக எல்லாப் பக்கமும் 2 மி.மீ.-க்குச் சற்று மேல் சுவர் மிஞ்சும். 0.4 மி.மீ. முனையில் சுற்றுக்கோடுகளின் எண்ணிக்கையை 4 அல்லது 5 என்று வைத்தால் அந்தச் சுவர் உள்ளே வலைநிரப்பு எதுவும் இல்லாமல் முழுக்கக் கோடுகளாலேயே நிறையும். திருகின் புரி கடிப்பதற்குக் கெட்டியான பொருள் கிடைக்கும்.

இரண்டாவது துணை. பலகைத் தூண்கள் 5 மி.மீ. உயரமே என்பதால் தனியே நிற்கலாம். மூடித் தூண்கள் 28 மி.மீ. உயரம் போகின்றன. அவ்வளவு ஒல்லியான தூணைத் தனியே அச்சிட்டால் ஒவ்வோர் அடுக்கும் ஆறுவதற்குள் அடுத்தது வந்து விழும், தூண் குழைந்து வளையும். மூலையில் சுவரோடு சுவராகச் சேர்த்துவிட்டால் இரு சுவர்களும் அதைத் தாங்கும். சேர்ப்பதென்றால் முழுமையாகச் சேர்க்க வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே முனையின் அகலத்தைவிடக் குறுகிய சந்து இருந்தால் அங்கே எதுவும் சரியாக நிரம்பாது. மூடித் தூணின் உச்சியைச் சுவரின் உச்சியைவிட 0.2 மி.மீ. தாழ்த்தி வரைவது நல்லது. தூண் ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால்கூட மூடி சுவரில் உட்காராது.

மூன்றாவது ஆழம். துளை, திருகின் நுனி எட்டும் இடத்துக்குக் கீழே இன்னும் 1 மி.மீ. ஆவது போக வேண்டும். நுனி துளையின் அடியில் முட்டியபின்னும் முறுக்கினால் அந்த விசை முழுவதும் தூணைத் தரையிலிருந்து பிடுங்குவதற்கே செலவாகும். அடிக்கடி திறக்கும் பெட்டியாக இருந்தால் மூடித் தூண்களில் மட்டும் பித்தளைப் புரிச்செருகியைச் சூட்டுக்கோலால் அழுத்திப் பதிக்கலாம். M3 செருகிகள் பலவற்றுக்கு 4 மி.மீ. அளவில் துளை கேட்பார்கள்; வாங்கிய செருகிக்குத் தரப்பட்டுள்ள அளவைப் பார்த்து வரைந்து, தூணையும் அதற்கேற்பத் தடிப்பாக்க வேண்டும்.

பலகைத் தூண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏ.பி.எஸ். போன்ற இழை குளிரும்போது 0.5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கலாம். பெட்டியும் மூடியும் ஒரே இழையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும், மூடி பொருந்திவிடும். பலகை சுருங்காது. 72 மி.மீ. தூரத்தில் 0.5 சதவீதம் என்றால் 0.36 மி.மீ. பலகையின் 3.2 துளைக்கும் 3 மி.மீ. திருகுக்கும் நடுவே மொத்தமே 0.2 தான் இருக்கிறது. மூன்று திருகுகள் இறங்கி நான்காவது சாய்ந்து நின்றால் காரணம் இங்கே இருக்கும்.

## காற்றுப் பிளவுகள்

நிரம்பிய குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் குபுக் குபுக்கென்று தயங்கித் தயங்கித்தான் வெளிவரும். உள்ளே காற்று நுழைய வேறு வழி இல்லாததே காரணம். பெட்டியும் அப்படித்தான். மூடியில் மட்டும் துளை போட்டுவிட்டால் சூடான காற்று வெளியேறுவதும் குளிர்ந்த காற்று உள்ளே வருவதும் ஒரே வழியில் முட்டிக்கொள்ளும். கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல் வேண்டும். சூடான காற்று இலேசாகி மேலே ஏற, அந்த இடத்தைக் கீழிருந்து குளிர்ந்த காற்று நிரப்பும்.

நம் பெட்டியின் இரு நீளச் சுவர்களிலும், சூடாகும் சில்லுக்கு நேராக, 2 மி.மீ. அகலமும் 10 மி.மீ. உயரமும் உள்ள செங்குத்துப் பிளவுகள் 8 வீதம் வைக்கலாம். உள்தரையிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் தொடங்கினால், பலகையின் அடியிலும் மேலேயும் காற்று போகும். மொத்தப் பரப்பு 320 ச.மி.மீ. மூடியில் 2 × 20 மி.மீ. பிளவுகள் 8 வைத்தால் அதே 320. இரண்டில் எது குறுகலோ அதுதான் காற்றோட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் என்பதால் சமமாக வைப்பது பொருத்தம்.

சுவரில் ஏன் செங்குத்துப் பிளவு? ஒரு பிளவின் மேல்விளிம்பை அச்சிடும்போது இழை கீழே பிடிமானம் இல்லாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலமாகப் போக வேண்டும். செங்குத்துப் பிளவில் பாலத்தின் நீளம் 2 மி.மீ. மட்டுமே. அதே பிளவைப் படுக்கையாக வைத்தால் 10 மி.மீ. ஆகிவிடும், இழை தொய்ந்து தொங்கும் வாய்ப்பும் கூடும். மூடி தட்டையாகக் கிடந்தே அச்சாவதால் அதில் எந்தத் திசையும் சரி. பிளவுகளுக்கு நடுவே உள்ள கம்பிகளும் 2 மி.மீ. இருக்கட்டும். ஒற்றை இழை அகலத்துக்கு மெலிந்தால் கைபட்டதும் உடையும்.

2 மி.மீ. அகலத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஒரு பெட்டிக்குள் வெளிப்பொருள்களும் நீரும் புகாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் ஐ.பி. தரக்குறியீட்டில் முதல் எண் 3 என்றால் 2.5 மி.மீ. தடிமனுள்ள கருவி உள்ளே நுழையக்கூடாது என்று பொருள். நம் பிளவு அதைவிடக் குறுகல். இதனால் மட்டும் பெட்டி அந்தத் தரத்தை எட்டிவிட்டதாகக் கொள்ளக்கூடாது. வீட்டு மின்னிணைப்பு நேரடியாக உள்ளே வரும் கருவிக்கு இந்தப் பெட்டியைப் பயன்படுத்தவும் கூடாது.

எந்த இழை என்பதையும் இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழேயே, இறுக்கிய திருகின் அழுத்தத்தில் தூண் மெல்ல மெல்லத் தளரும். சில வாரங்களில் திருகு தானாகவே தளர்ந்திருந்தால் பிளவுகள் போதவில்லை, அல்லது இழை தவறு. பெட்ஜி ஏறத்தாழ 80 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். இழையை மாற்றினால் 5 மி.மீ. வளையத்தை மறுபடி அச்சிட்டு அளக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் புதிய இழை புதிய அளவில் புடைக்கும்.

## திருகை மீண்டும் இடும்போது

பிளாஸ்டிக்கை நேரடியாகக் கடிக்கும் திருகு, முதல் முறை இறங்கும்போது தனக்கான புரியைத் தானே வெட்டிக்கொள்கிறது. இரண்டாம் முறை அப்படியே முறுக்கினால் பழைய புரியைக் குறுக்கே அறுத்துப் புதிதாக வெட்டக்கூடும். இப்படிச் சில முறை நடந்தால் துளையில் கடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. திருகைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக, கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் திருகு சிறிது கீழே விழுவது கைக்குத் தெரியும். பழைய புரியின் தொடக்கம் அது. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் விரல்நுனியின் விசையிலேயே இறங்கும். தலை மூடியைத் தொட்டதும் கால்வாசிச் சுற்று போதும்.